பாதியில் பாதி

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த வாரம், பிளஸ் டூ படிக்கும் ஃபெமினாவின் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அப்பா தங்கராஜ் காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் வேன் ஓட்டுகிறவர். ஒரு நடையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, அம்மா கிருபாவதியையும் கூட்டிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் ஐயாசாமி இருவரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மிகவும் மரியாதையாக, பிள்ளையை டி.சி. வாங்கிக் கூட்டிக்கொண்டு போய்விடும்படி சொன்னார்.

வேதியியலில் ஃபெமினா எடுத்திருந்தது எழுபதுக்கு ஒன்பது. எழுத்துத் தேர்வில் பதினைந்தாவது எடுக்காவிட்டால் செய்முறையில் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி கிடையாது. பள்ளிக்கூடம் பல வருஷமாக நூறு சதவீதம் காட்டிவருகிறது, ஒரு பிள்ளையால் அது கெட்டுவிடக் கூடாது, தனித்தேர்வராக எழுதட்டும் என்று தலைமையாசிரியர் எடுத்துச் சொன்னார். தனித்தேர்வருக்குச் செய்முறை உள்ள பாடங்கள் கிடைக்காது, அதாவது போன வருஷத்திலிருந்து படித்த அறிவியலையே விட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. தங்கராஜ் அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டார். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு ஐயாசாமி ஒப்புக்கொண்டார்.

மூத்தவள் ஜெனிஷாவுக்கு விஷயம் அன்று சாயங்காலம் ஃபோனில் தெரிந்தது. அவள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறியது. ஒன்பது மார்க் வாங்கினது தங்கச்சியின் குற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைப் பதினைந்தாக்குவது யாருடைய வேலை? பிள்ளை தேறாது என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் பிள்ளையையே கழித்துக் கட்டிவிட்டு நூற்றுக்கு நூறு என்று சொல்லிக்கொள்கிறார்களா? அம்மாவிடம் இதையெல்லாம் கொட்ட முடியவில்லை. சனிக்கிழமை வருவதாக மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறியவள், பல்லடம் தாண்டும் வரை தன் பௌதிக வேதியியல் வகுப்புக் குறிப்புகளை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தாள். முழுக்க இங்கிலீஷ். மூன்று வருஷத்துப் பாடம். பேராசிரியர் கரும்பலகையில் எழுதியது, வாயால் சொன்னது, ஓரத்தில் அம்புக்குறி போட்டு அவளே சேர்த்துக்கொண்டது எல்லாம் இருந்தன. இதைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், தங்கச்சி தேறிவிடுவாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

வீட்டில் முதலில் ஃபெமினாவின் பள்ளி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வேதியியல் ஆசிரியர் கோவிந்தராஜுலு கேள்வியும் பதிலுமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் 'மனப்பாடம்' என்று இருந்தது. முதல் வகை வினைக்கான சமன்பாட்டை வருவிக்கச் சொன்னாள். ஃபெமினா கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்தாள். ஒரு குறி தப்பவில்லை.

"அதுல கே-ன்னு வருதே, அது என்ன கண்ணு?" என்று ஜெனிஷா கேட்டாள்.

ஃபெமினா யோசித்தாள். "கே-ன்னா கே தானுங்க்கா. சார் அப்படித்தான் சொன்னாரு."

நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும், பரீட்சையில் அதுதான் ஆனது என்றாள். ஜெனிஷா அந்த நோட்டை மூடி வைத்தாள். வினைவேக மாறிலி என்றால் என்னவென்று ஒரு தடவைகூடச் சொல்லித் தராமல் காலாண்டுப் பாடத்தை ஓட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு, இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்று பெற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கும் மறுநாள் கோயிலுக்குப் போய்வந்த பிறகும் உட்கார்ந்து, தன் குறிப்பிலிருந்து வேதிவினை வேகவியலைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பதினாறு பக்கம் வந்தது. ஃபெமினா இரண்டு பக்கம் படித்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இது உன்ற காலேஜுக்கு எழுதினது. எனக்கு எழுதினது இல்ல."

ஜெனிஷாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் திரும்பப் படித்துப் பார்த்தபோது, தங்கச்சி சொன்னது சரிதான். இங்கிலீஷ் போய்த் தமிழ் வந்திருந்ததே தவிர வேறெதுவும் மாறவில்லை. பேராசிரியர் 'எனவே' என்று ஒரே சொல்லில் தாண்டிய இடத்தை அவளும் 'எனவே' என்றே தாண்டியிருந்தாள். நிலைமாறு நிலைக் கொள்கையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். பள்ளிப் பாடத்தில் அது இல்லவே இல்லை. அந்த மூன்று பக்கத்தையும் அங்கேயே கிழித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து வேறு மாதிரி எழுதினாள். பள்ளிப் பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் முதலில் அடித்துவிடுவாள். மிச்சத்தில் ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கிடையாது. எழுதியதை விடுதியிலிருந்து படமெடுத்து அம்மாவின் ஃபோனுக்கு அனுப்புவாள். ஃபெமினா படித்துவிட்டு, எந்த வரியில் நின்றுபோனாள் என்று திருப்பிச் சொல்லுவாள். அந்த வரியை ஜெனிஷா மறுபடி எழுதுவாள். சில பக்கங்கள் நான்கு தடவை எழுதப்பட்டன.

பூஜ்ய வகை வினைக்குப் பஸ் கண்டக்டரைக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் இருபது பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் நிமிஷத்துக்கு அவர் கிழிக்கும் டிக்கெட் அவ்வளவுதான். கூட்டத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. முதல் வகைக்குச் சட்டியில் வெடிக்கும் மக்காச்சோளம். ஒவ்வொரு மணியும் தானாக வெடிக்கிறது. நிறைய மணி மிச்சமிருக்கும்போது சடசடவென்று கேட்கும், குறையக் குறைய ஒன்றொன்றாகக் கேட்கும். செறிவு குறைந்தால் வேகமும் குறைகிறது என்பது அதுதான். கே என்பது ஒவ்வொரு சோள மணிக்கும் வெடிக்கும் அவசரம் எவ்வளவு என்று சொல்கிற எண். சட்டியின் சூடு மாறாத வரை அது மாறாது.

போலி முதல் வகை வினைதான் அவளைத் திணற வைத்தது. அவளுடைய கல்லூரிக் குறிப்பில் 'நீரின் செறிவு ஏறக்குறைய மாறாதது' என்று ஒரே வரி. ஏன் மாறாது என்று ஃபெமினா கேட்டாள். எஸ்டரை நீர் சிதைக்கிறது, அப்படியென்றால் நீரும் செலவாகத்தானே செய்யும்? கணக்குப் போட்டுக் காட்டினாள் ஜெனிஷா. ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய ஐம்பத்தைந்தரை மோல் நீர். அதில் எஸ்டர் பத்தில் ஒரு மோல். எஸ்டர் முழுக்கத் தீர்ந்தாலும் நீரில் குறைவது அந்தப் பத்தில் ஒன்றுதான். எஸ்டர் இல்லாமலே போய்விட்டது, நீர் அப்படியே இருப்பதுபோல இருக்கிறது. அதனால் வேகம் எஸ்டரை மட்டும் பார்க்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை ஒருவர் செய்வதுபோலத் தெரிவதால் 'போலி'.

எளிதாக்குகிறேன் என்று ஒரு முறை தப்பும் செய்துவிட்டாள். அரைவாழ் காலம் என்பது வினை முடிய ஆகும் நேரத்தில் பாதி என்று எழுதி அனுப்பினாள். சாயங்காலம் ஃபெமினா ஃபோன் செய்தாள்.

"அப்ப ரெண்டு அரைவாழ் காலம் ஆச்சுன்னா வினை முடிஞ்சுபோகுமாங்க்கா?"

முடியாது. பாதி போன பிறகு, மிச்சத்தில் பாதிதான் அடுத்ததில் போகும். கால் பங்கு நிற்கும். ஜெனிஷா அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'இருப்பதில் பாதி குறைய ஆகும் நேரம்' என்று எழுதினாள். எளிமையாக இருக்கிறது என்பதற்காகப் பொய்யை எழுதக் கூடாது என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டு வந்த ஃபெமினா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள் என்று அம்மா சொன்னார். விடைத்தாள் வந்தபோது எழுபதுக்குப் பதின்மூன்று.

ஜெனிஷா நம்பவில்லை. தாளின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். ஒரு மதிப்பெண் கேள்விகளிலும் கணக்குகளிலும் கிடைத்ததுதான் அந்தப் பதின்மூன்றும். விளக்கி எழுதியவை எல்லாம் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. போலி முதல் வகை வினைக்கு ஐம்பத்தைந்தரை மோல் கணக்கோடு எழுதியிருந்தாள், பூஜ்யம். முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரைவாழ் காலத்தைப் போலப் பத்து மடங்கு என்று காட்டச் சொன்ன கேள்விக்கு, ஃபெமினா நூறில் ஆரம்பித்து ஐம்பது, இருபத்தைந்து, பன்னிரண்டரை என்று பாதி பாதியாகப் பத்து அம்புக்குறி போட்டுக்கொண்டே போயிருந்தாள். பத்தாவது அம்புக்குறியின் முனையில் 0.098 என்று இருந்தது. நூறில் 0.1-க்கும் குறைவு மிச்சம், ஆகவே 99.9 முடிந்தது என்று எழுதியிருந்தாள். அதற்கும் பூஜ்யம். ஓரத்தில் 'சொந்த நடை' என்று சிவப்பு மையில் இருந்தது.

அந்த அம்புக்குறி வழி ஜெனிஷா எழுதிக் கொடுத்ததில் இல்லை. கல்லூரிக் குறிப்பிலும் இல்லை. அங்கே மடக்கை போட்டுத்தான் செய்வார்கள். அது பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஜெனிஷாவுக்குக் கண் நிறைந்தது. பதில் தப்பு என்று அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. தெரியாத பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் அங்கே குற்றமாகியிருக்கிறது.

மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. காலை பஸ்ஸில் ஊருக்கு வந்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, ஃபெமினாவின் வகுப்பில் படிக்கும் ரிஃபானா தன் அம்மாவோடு உள்ளேயிருந்து வந்தாள். கையில் டி.சி. இருந்தது. அவள் இவர்களைப் பார்க்காமல் வேகமாகத் தாண்டிப் போனாள். தங்கராஜ் எழுந்து நின்று அந்த அம்மாவுக்கு ஏதோ சொல்லப் போனவர், என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

உள்ளே கோவிந்தராஜுலுவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் விடைத்தாளைப் பார்க்காமலே பேசினார். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துகிறவர்களுக்கு நேரம் இல்லை, புத்தகத்தில் இருக்கும் சொற்களைத் தேடுவார்கள், அவை இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. மக்காச்சோளம், கண்டக்டர் என்று எழுதினால் யார் மார்க் போடுவார்கள் என்று கேட்டார். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று ஜெனிஷாவுக்கும் தெரிந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"இதெல்லாம் அந்தப் பொண்ணு எழுதினது இல்லைம்மா. எங்கயோ பாத்து எழுதியிருக்கு. ஒம்பது மார்க் வாங்கின புள்ளைக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்?"

தங்கராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், என்ற புள்ள திருடலீங்க. வேணும்னா கூப்புட்டுக் கேட்டுப் பாருங்க."

ஐயாசாமிக்கு அதில் விருப்பமில்லை. மணி அடிக்கப் போகிறது, பாடவேளை கெடும் என்றெல்லாம் சொன்னார். ஜெனிஷா நகரவில்லை. பார்த்து எழுதினாள் என்று எழுத்தில் கொடுங்கள், அதை முதன்மைக் கல்வி அலுவலரிடம் காட்டிக்கொள்கிறேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஐயாசாமி ஃபெமினாவைக் கூப்பிட்டனுப்பினார்.

வந்தவள் எல்லோரையும் பார்த்து மிரண்டாள். கோவிந்தராஜுலு அதே 99.9 கேள்வியைக் கேட்டு, புத்தக முறையில் போடச் சொன்னார். அந்த அறையில் அறிவிப்பு எழுதும் சின்னப் பலகை ஒன்று இருந்தது. ஃபெமினா போய் நின்றாள். வினைவேக மாறிலிக்கான சமன்பாட்டை எழுதினாள். தொடக்கச் செறிவு நூறு, மிச்சம் 0.1, அவற்றின் விகிதம் ஆயிரம், மடக்கை மூன்று. 2.303-ஐ மூன்றால் பெருக்கி 6.909 என்று எழுதி, கீழே கே போட்டாள். அரைவாழ் காலத்துக்கு 0.693-க்குக் கீழே கே. ஒன்றை இன்னொன்றால் வகுத்து, ஏறக்குறையப் பத்து என்று கோடு போட்டாள். நடுவில் எங்கேயும் கண்ணை மூடவில்லை.

"அம்புக்குறி எதுக்குப் போட்ட?" என்று கோவிந்தராஜுலு கேட்டார்.

"இப்படிப் போட்டா விடை பத்துன்னு வருதுங்க சார். ஏன் பத்துன்னு அம்புக்குறியிலதான் தெரியுதுங்க."

அவர் தாளை எடுத்து, அடித்த பக்கங்களைப் புரட்டினார். பிறகு, முதல் தடவையாகப் படிக்கிற மாதிரி, ஒரு பக்கத்தில் நின்றார். மறுபடி திருத்தித் தருவதாக மெதுவாகச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

ஐயாசாமி அப்போதும் விடவில்லை. இது ஒரு பாடம்தானே, பொதுத்தேர்வில் பதறிவிட்டால் என்ன செய்வது, பள்ளியின் பெயரை யோசிக்க வேண்டாமா என்றார்.

"எங்களுக்குப் புள்ளைய யோசிக்கறதுக்கே நேரம் பத்தலீங்க சார்," என்றாள் ஜெனிஷா. "டி.சி. நாங்க கேக்கலீங்க. நீங்க குடுத்தாலும் வாங்க மாட்டோங்க."

ஃபெமினாவின் பெயர் பட்டியலில் போனது. மறுபடி திருத்திய தாளில் முப்பத்தொன்று இருந்தது.

அன்றைக்குப் பள்ளியிலிருந்து வெளியே வந்த பிறகு தங்கராஜ் டீ வாங்கிக் கொடுத்தார். ஜெனிஷாவுக்கு அது இறங்கவில்லை. தங்களுக்காகப் பேச ரிஃபானாவின் அம்மா யாரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க முடியும், அந்தப் பெண்ணின் தாளில் என்னவெல்லாம் அடிக்கப்பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாள்.

குறிப்புகளை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் சொன்னதில் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது ஃபெமினாதான். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் 'தாளில் எழுத' என்று ஒரு கட்டம் கட்டச் சொன்னாள். கண்டக்டரும் மக்காச்சோளமும் மேலே இருக்கட்டும், அது புரிந்துகொள்ள. கட்டத்துக்குள் புத்தகச் சொற்கள், சமன்பாடு, அலகு. திருத்துகிறவர் தேடுவதை அவருக்குத் தேடிக் கொடுத்துவிட வேண்டும். ஜெனிஷா தன் கல்லூரிப் பாடங்களுக்கு நடுவே மின்வேதியியலையும் அமில காரச் சமநிலையையும் அப்படியே எழுதி முடித்தாள். செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் உப்புப் பகுப்பாய்வையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கினாள்.

மே மாதம் முடிவு வந்தது. வேதியியல் எழுத்துத் தேர்வில் ஃபெமினா நாற்பத்தாறு. மற்றவற்றிலும் தேறியிருந்தாள். கிருபாவதி முழங்கால் போட்டு ஜெபம் செய்துவிட்டு, அழுதுகொண்டே கேசரி கிண்டினார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி என்று கொட்டை எழுத்தில். அதைப் பார்த்துவிட்டு வந்த ஃபெமினா, ரிஃபானாவோடு சேர்த்துத் தன் வகுப்பில் டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்கள் நான்கு பேர் என்று சொன்னாள். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த ஜெனிஷா அன்றைக்கே ரிஃபானாவின் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா முதலில் பேசவே மறுத்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கூப்பிட்டதும், மரியாதையாக உட்கார வைத்ததும், தண்ணீர் கொடுத்ததும்கூட அதே மாதிரிதான். டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதச் சொல்லி, பெற்றோர் விருப்பம் என்று அவர்கள் கையாலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். அந்த அம்மா சம்மதித்ததும், நடந்ததை அப்படியே எழுதி முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். தங்கராஜும் ரிஃபானாவின் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற மூன்று வீட்டார் பயந்து மறுத்துவிட்டார்கள்.

அந்த வாரத்திலேயே ஐயாசாமி தங்கராஜுக்கு ஃபோன் செய்தார். புகார் விஷயம் அவருக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. பெரிய பிள்ளை எழுதிய குறிப்புகளைப் பற்றிக் கோவிந்தராஜுலு சொன்னாராம். பள்ளியின் பெயர் போட்டு அச்சடித்து, அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆண்டு விழாவில் பிள்ளைக்குச் சால்வை போர்த்தலாம் என்றார். தங்கராஜ் ஃபோனை ஜெனிஷாவிடம் கொடுத்தார்.

அவர் மறுபடி சொன்னதை அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நூறு சதவீதம்னு போட்டிருக்கீங்களே சார், போன ஜூன்ல அந்த வகுப்புல உக்காந்திருந்தவங்கள்ல எத்தன பேர் அந்த நூறுல வாராங்க?"

ஐயாசாமி மறுபடி சால்வையைப் பற்றி ஆரம்பித்தார்.

"அச்சடிக்க வேண்டாங்க சார். பள்ளிக்கூடத்துப் பேரும் அதுல வேண்டாங்க. வேணுங்கற புள்ளைங்க வந்து கேக்கட்டும், ஃபெமினா குடுப்பா. யாரையும் வெளிய அனுப்பாம அவங்களுக்குப் பாடம் நடத்துங்க, அது போதும்."

அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு ஃபெமினா எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, பிளஸ் டூ போகும் பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். சாயங்காலத்துக்குள் கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒரு பிள்ளை, வினைவேகமாற்றிப் பக்கத்தில் அம்புக்குறி தலைகீழாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. கிளர்வு ஆற்றல் குறைய வேண்டிய இடத்தில் ஏறுவதாக ஜெனிஷா வரைந்திருந்தாள். பொதுத்தேர்வுக்கு இதையா படித்தாய் என்று ஜெனிஷா கேட்டாள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டதாக ஃபெமினா சொன்னாள். ஜெனிஷா முணுமுணுத்துக்கொண்டே புதுத் தாள் எடுத்து அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தாள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது. புகாருக்கு, தபால் கிடைத்ததாக ரசீது மட்டும்தான் வந்திருந்தது.